தலைத்திவசம்: சொந்தங்களுக்குச் சொல்லும் முன் திதியைப் பாருங்கள்!

திருச்சி உறையூரில் இருக்கிறது அந்த வீடு. அம்மா இறந்தது 2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், அடுத்த வருடம் ஜூலை மாதமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'அம்மாவின் முதலாமாண்டு நினைவு நாள் செப்டம்பர் 10. அனைவரும் வரவும்' என்று போட்டுவிட்டார். கைகூப்பும் எமோஜிகள் வரிசையாக வந்தன. கோவையில் இருக்கும் சித்தி ரயில் டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

தாய்மாமா மட்டும் எதுவும் போடவில்லை. இரண்டு நாள் கழித்து போன் செய்தார். "தம்பி, உங்க அம்மா போனது ஆவணி மாசம் வளர்பிறை சப்தமி. அது எப்போ வருதுன்னு காலண்டர்ல பார்த்தியாப்பா?"

பார்த்தால், 2025-ல் அந்தத் திதி ஆகஸ்ட் 30, சனிக்கிழமையே வந்துவிடுகிறது. பதினோரு நாள் முன்னால்!

காரணம் எளிது. திதி என்பது நிலாவின் கணக்கு. பன்னிரண்டு முறை நிலா வளர்ந்து தேய ஏறக்குறைய 354 நாள் ஆகிறது. நாம் பார்க்கும் காலண்டருக்கு 365 நாள். அதனால் ஆவணி 25-ல் வந்த சப்தமி, மறு வருடம் ஆவணி 14-க்கே வந்துவிட்டது. அம்மா ஆவணி 5-ம் தேதி இறந்திருந்தால், பதினோரு நாள் பின்னால் போகும்போது அந்தத் திதி ஆடி மாதத்துக்குள் விழும். அப்போது ஆவணியிலேயே அடுத்து வரும் அதே திதியை எடுத்துக்கொள்வார்கள். திதி கொடுத்து வைக்கும் ஐயரிடம் இறந்த தேதியையும் நேரத்தையும் சொன்னால் சரியான நாளைக் குறித்துக் கொடுப்பார். நேரம் முக்கியம், ஏனென்றால் திதி நள்ளிரவில் மாறுவதில்லை. பகலிலோ இரவிலோ எப்போது வேண்டுமானாலும் மாறும்.

இந்தப் பதினோரு நாள் அந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. தலைத்திவசம் முடியும்வரை பங்காளி வீடுகளிலும் பண்டிகை கொண்டாடுவதில்லை. பெரியப்பா வீட்டில் பேத்தியின் காதுகுத்தை அதற்காகவே தள்ளி வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 30 என்று தெரிந்ததும் அவர்கள் செப்டம்பர் முதல் வாரத்தில் முகூர்த்தம் பார்த்தார்கள்.

மாமாவின் வருத்தம் தேதியில் இல்லை. "கூடப் பிறந்தவளோட திவசத்தை குரூப்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று அவர் அக்காவிடம்தான் கேட்டிருக்கிறார். அம்மா பிறந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும். அதுவும் நேரில், முடியாவிட்டால் போனில். வீட்டில் பெரியவர் அப்பா. அன்று மாலையே அப்பா மாமாவுக்குப் பேசினார். "மச்சான், முப்பதாம் தேதி வெச்சிருக்கோம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுங்க" என்றார். அப்புறம் பெரியப்பா, அத்தை, சித்தி என்று ஒவ்வொருவரிடமும் பேசிய பிறகுதான் குரூப்பில் திருத்திய செய்தி போனது. சித்தி டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்.

அக்கா எழுதிய செய்தி இது:

'அம்மாவின் தலைத்திவசம் ஆவணி 14, (30.8.2025) சனிக்கிழமை, வளர்பிறை சப்தமி திதியில் நடைபெறும். முன்பு சொன்ன செப்டம்பர் 10 அல்ல. காலை 7 மணிக்கு அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம். பிள்ளைகள் மட்டும் போகிறோம். மற்றவர்கள் நேராக உறையூர் வீட்டுக்கு வந்தால் போதும். பகல் 12 மணிக்குப் படையல். 12.45-க்குச் சாப்பாடு. மாத்திரை போடுபவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு வரவும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை 27-ம் தேதிக்குள் அக்காவிடம் சொல்லவும்.'

தர்ப்பணத்துக்கு ஓர் இடம், படையலுக்கு ஓர் இடம் என்றால் அதைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வயதானவர்கள் காலை ஏழு மணிக்கே படித்துறையில் வந்து காத்திருப்பார்கள். மாத்திரை பற்றிய வரியும் அப்படித்தான். படைத்து, காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் பந்தி. காக்கை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? சர்க்கரை இருக்கும் அத்தைக்கு ஒரு மணி வரை தாங்காது.

நாற்பது பேர் வருவதாகத் தெரிந்தது. ஐந்து கிலோ அரிசி என்று சமையல்காரர் கணக்கு சொன்னார். வெங்காயம், பூண்டு கிடையாது. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய் சாம்பார், ரசம், மோர், தலைக்கு இரண்டு உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம். அவ்வளவுதான். "அப்பளம், ஐஸ்க்ரீம் எல்லாம் வெச்சு கல்யாணப் பந்தி ஆக்கிடாதீங்க" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

படையல் இலையில் மட்டும் கூடுதலாக ஒரு டம்ளர் ஃபில்டர் காபி இருந்தது. அதை வைத்தவர் மாமா.