ஒரு மேடை, ஒன்பது குழு

கலைவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கேக்க மட்டக்களப்புப் பாடசாலையொன்றில் ஒத்திகை நேரசூசி போட உதவிக்குப் போனோம். விளம்பரப் பலகையில் ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருந்தது. பிற்பகல் 1.45 முதல் 4.45 வரை 180 நிமிடம், ஒன்பது குழு, ஆளுக்கு 20 நிமிடம். பார்க்க நீதியாத்தான் இருந்தது.

ஆனால் 5 நிமிட நடனம் 20 நிமிடத்தில் மூன்று தரம் ஆடி முடியும். 18 நிமிடக் கூத்து, நிறுத்தித் திருத்தினால் ஒருக்காக்கூட முழுசாப் போகாது. ஒரு குழு இறங்கி மற்றது ஏற, மைக்கை நகர்த்த என்று போகும் நேரமும் கணக்கில் இல்லை. மூன்றாவது குழுவுக்குள்ளேயே நேரம் பிந்தத் தொடங்கும். "ஒருக்கா மட்டும் ரீச்சர்" என்ற கெஞ்சல் கேட்கும். பிந்தின நேரமெல்லாம் கடைசிக் குழுவின் தலையில் விழும். கடைசியில் இருந்தது கூத்து. அதில் ஆடுற பிள்ளைகளில் அரைவாசிப்பேர் 4.10 பஸ்ஸில் போறவர்கள். இப்படியே விட்டால் அவர்கள் மேடையைக் காணாமலே விழாவுக்கு வந்து நிற்பார்கள்.

கூத்துக்குத்தான் மேடை கூடத் தேவை. வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருக்க ஆடுற ஆட்டம் அது. ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கிற மேடைக்கு வரவு, சுற்று, நிலை எல்லாத்தையும் மாற்றிப் பழக வேணும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோதும் இதே வேலை இருந்தது. பாட்டையும் தாளத்தையும் வகுப்பறையில் பழகலாம், இதைப் பழக ஏலாது.

அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் நீளத்தையும் மூன்றால் பெருக்கினோம். நிறுத்தித் திருத்திப் போக இரண்டு மடங்கு, நிறுத்தாமல் ஓட ஒரு மடங்கு. ஏறி இறங்க இன்னும் 5 நிமிடம். கூத்துக்கு 59, வில்லுப்பாட்டுக்கும் ஆங்கில நாடகத்துக்கும் 10 நிமிடப்படி என்பதால் தலா 35, மற்ற ஆறு ஆட்டம்பாட்டுக்கும் தலா 20. மொத்தம் 249 நிமிடம். ஒரு நாளுக்குள் அடங்காது, இரண்டு நாளாப் பிரித்தால் தாராளம்.

முதல் நாள் கூத்தும் மூன்று சின்ன நிகழ்ச்சியும், 119 நிமிடம். இரண்டாம் நாள் மிச்சம், 130 நிமிடம். இரண்டு நாளும் 4 மணிக்கு முந்தி முடியும். ஆரம்பப்பிரிவுச் சின்னன்களை முதலில் விட்டோம், பசி வந்தால் அவர்கள் நிற்க மாட்டார்கள். கூத்திலும் நடனத்திலும் இருந்த நாலு பிள்ளைகளுக்காக அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டை வைத்தோம்.

நடனக் குழு முகம் சுளித்தது. அவர்களுக்கு முந்தி ஒவ்வொரு நாளும் மேடை, இப்ப ஒன்றுவிட்ட ஒரு நாள். மேடையின் அகலத்தை அளந்து வகுப்பறைத் தரையில் சோக்கால் கோடு போட்டுக் குடுத்தோம். மேடை இல்லாத நாளில் அதற்குள் ஆடினார்கள். முதல் நாள் கூத்து முடிய மணி 3.40. அண்ணாவியார் மத்தளத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு, "நாளையண்டைக்கும் இதே நேரந்தானே?" என்று மட்டும் கேட்டார்.