மூவாயிரம் எழுத்துக்குள் அடங்காத புலம்பல்

எனக்குச் சுருக்கமாக எழுத வராது. அதைவிட மோசம், சுருக்கச் சொன்னால் கோபம் வரும். தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் என்ற பெயர் இருப்பதால் இந்தக் குறையை இத்தனை நாளும் திறமை என்று சொல்லித் திரிந்தேன். தகவல் உரிமைச் சட்ட மனுவை மத்திய அரசின் இணையதளத்தில் போடத் தொடங்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

அந்தப் படிவத்தில் மனுவின் வாசகத்துக்கு ஒரே ஒரு பெட்டி. அதில் 3000 எழுத்து வரைதான் தட்டலாம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 500 சொற்கள். 2012-ஆம் ஆண்டு விதிகளும் மனு பொதுவாக 500 சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்றே சொல்கின்றன. கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்றும் சொல்கின்றன. இந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சியதையெல்லாம் பிடிஎஃப் கோப்பாக இணைத்து அனுப்புவது என் வழக்கமாயிற்று.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் திருத்தப்படாமல் கிடந்தபோது நான் எழுதிய மனுவைச் சொல்கிறேன். முதல் பத்தியில் அப்பாவின் பணிக்காலம். இரண்டாவதில் அம்மாவின் முழங்கால் வலி. மூன்றாவதில் அலுவலகப் படியேறிய கதை, கவுன்டரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உட்பட. பெட்டி நிரம்பப் போகிறது என்று தெரிந்ததும் கடைசி வரியில் அவசரமாக, ‘ஏன் இந்தத் தாமதம், யார் பொறுப்பு, எப்போது கிடைக்கும்?’ என்று கேட்டேன். கேட்க வந்ததே அந்த ஒரு வரிதான்.

கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தால் தவறு என் பக்கம். அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் கேட்டு வாங்க முடியும். இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரும் கடமை அதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லியிருக்கிறது. ‘ஏன்’ என்பதற்குத் தாள் கிடையாது. இன்னொன்றும் உறைத்தது. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. நான் உருகி உருகி எழுதிய மூன்று பத்தியும் சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டவை.

திருத்தி எழுதியதைத் தமிழில் தருகிறேன். ‘குடும்ப ஓய்வூதியத் திருத்தம் கோரும் மனு, பெறப்பட்ட தேதி இது, டைரி எண் இது, ஓய்வூதிய ஆணை எண் இது. 1. இம்மனு மீதான கோப்புக் குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றின் நகல். 2. மனு எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்பதற்கான பதிவு. 3. இவ்வகை மனுக்களை முடிக்கக் காலவரம்பு விதிக்கும் சுற்றறிக்கையின் நகல்.’ அவ்வளவுதான். பெட்டியில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது.

தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை இரண்டாவது கேள்வி தானாகச் சொல்லிவிடும். காலவரம்பு தாண்டியதை மூன்றாவது காட்டிக்கொடுக்கும். ‘ஏன்’ என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்பவர் நழுவ முடியாது: தாள் இருக்கிறது என்று நகல் தர வேண்டும், அல்லது இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது வேலையைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் கேள்விகள், ஒவ்வொன்றிலும் ‘நகல்’ அல்லது ‘பதிவு’ என்று கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கோப்பைத் தேடி எடுக்கத் தேவையான எண்ணும் தேதியும். கேள்வி எதையும் பிடிஎஃப்-க்குத் தள்ளுவதில்லை. பழைய மனுவின் நகல் மட்டும் அங்கே போகும். வேர்டில் எழுதி ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறியும் ரூபாய்க் குறியும் கூடவே வந்துவிடும். பெட்டி ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தக்குறிகளை மட்டுமே ஏற்கும் என்பதால் அவற்றை முன்பே களைந்துவிடுவேன். தமிழில் எழுதினால் இணைப்பாகத்தான் அனுப்ப வேண்டும்.

திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வலியை இன்றும் எழுதிவிட்டுத்தான் அழிக்கிறேன். எதிரே இருப்பவர் என் நடையைப் படித்துக் கண்கலங்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. 10 ரூபாய் கட்டணத்துக்கு அவர் கடமைப்பட்டிருப்பது 30 நாளில் பதில் தருவதற்கு. என் எழுத்தை ரசிப்பதற்கு அல்ல. இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை காலம் பிடித்தது.