‘அசைடு’ என்ற சொல்

ஹைதராபாத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில் கரிம வேதியியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த அந்த மாணவி, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவர். அவருடைய முதல் திங்கட்கிழமைக் குழுக்கூட்டத்தில், சோடியம் அசைடைப் பயன்படுத்தும் ஒரு வினையை விளக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் நடுவே ‘ஜ’வுக்கும் ‘ஸ’வுக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி வருகிறது. தமிழில் அதற்கு எழுத்தில்லை. அவர் சொன்னபோது அது ஆங்கிலத்தில் ‘ஒதுக்கமாக’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாக ஒலித்தது. ஆய்வகத்தின் மூத்த ஆய்வாளர் உடனே, “எதை ஒதுக்கி வைக்கச் சொல்கிறீர்கள்?” என்றார். அறை சிரித்தது. மாணவியும் சிரித்தார். மாலைத் தேநீரின்போது அச்சொல் அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை வேறொரு மாணவர் தம் வினைத்திட்டத்தைத் திரையில் காட்டினார். டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானில் சோடியம் அசைடு; வினை முடிந்ததும் டைகுளோரோமீத்தேனைக் கொண்டு விளைபொருளைப் பிரித்தெடுத்தல். இரண்டாவது படியில் இருந்த ஆபத்தை மாணவி கண்டுகொண்டார். வினையில் எஞ்சிய அசைடு டைகுளோரோமீத்தேனோடு வினைபுரிந்தால் டைஅசைடோமீத்தேன் உருவாகலாம். உராய்வுக்கும் அதிர்வுக்கும் வெடிக்கக்கூடிய சேர்மம் அது. கரைப்பானை ஆவியாக்கிச் செறிவூட்டும் கட்டத்தில் ஆபத்து இன்னும் கூடும். எத்தில் அசிட்டேட்டைப் பயன்படுத்தினால் போதும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதில் அந்தச் சொல் இருந்தது. அவர் கையை உயர்த்தவில்லை. கூட்டம் முடிந்தபின் தாழ்வாரத்தில் அம்மாணவரைத் தனியே அழைத்துச் சொன்னார். திட்டம் திருத்தப்பட்டது, விபரீதம் எதுவும் நிகழவில்லை.

அன்றிரவு விடுதியில் அவரை உறங்கவிடாமல் செய்தது கேலியன்று, தம் மௌனம்தான். தாழ்வாரத்தில் அம்மாணவரைப் பார்க்கத் தவறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. மூத்தவரிடம் பேசிவிடுவதென்று அவர் முடிவு செய்தார். எப்படிச் சொல்வது என்று குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தார்.

முதலில் எழுதியது: “நீங்கள் எப்போதும் என்னைக் கேலி செய்கிறீர்கள், உங்களுக்கு என்னைப் போன்றவர்கள்மீது மதிப்பில்லை.” படித்துப் பார்த்தபோது அதன் பலவீனம் புலப்பட்டது. ‘எப்போதும்’ என்பது உண்மையன்று. ஒரே வாரத்தில் சிலமுறை நடந்தது. ‘மதிப்பில்லை’ என்பது அவர் மனத்தைப் பற்றிய ஊகம். இரண்டையும் அவர் எளிதில் மறுத்துவிடலாம். மறுத்தபின் பேச்சு அந்த மறுப்பைச் சுற்றியே சுழலும். இரண்டாவதாக எழுதியது: “பரவாயில்லை அன்னா, ஆனால் என் உச்சரிப்பு கொஞ்சம் அப்படித்தான்.” இதில் காயம் மறைந்து மன்னிப்பு மட்டும் எஞ்சியிருந்தது, கேட்பவருக்கு அது இன்னொரு நகைச்சுவையாகவே படும்.

உளவியலாளர் தாமஸ் கார்டன், பெற்றோருக்காக 1970இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலாக்கிய ‘நான்-செய்தி’ என்ற முறை இந்த இடத்தில் பொருந்துகிறது. அதற்கு மூன்று உறுப்புகள்: மற்றவர் செய்தது என்ன என்பதைப் பழி சேர்க்காமல் கூறுவது, அது தமக்குள் எழுப்பிய உணர்வைக் கூறுவது, அதனால் தமக்கு நேர்ந்த கண்கூடான விளைவைக் கூறுவது. பெரும்பாலோர் முதலிரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது விடுபட்டால், ‘உனக்குத் தொட்டால்சுருங்கி மனம்’ என்ற பதிலுக்கு வழி திறந்துவிடுகிறது. மாணவியிடம் அந்த மூன்றாவது உறுப்பு தெளிவாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை மூத்தவர் தனியே கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் எழுதியனுப்பினால் குரலின் தொனி போய்ச்சேராது. கூட்டத்தில் சொன்னால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் முனைவார். எனவே மாணவி அந்த நேரத்தையே தேர்ந்துகொண்டார்.

“அன்னா, ஐந்து நிமிடம் பேசலாமா? போன வாரம் கூட்டத்தில் என் உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொன்னீர்கள். பிறகு அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. எனக்கு அது வலித்தது. நேற்று டைகுளோரோமீத்தேன் ஆபத்தைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூசி வாயை மூடிக்கொண்டேன்.”

மூத்தவரின் முதல் பதில், இத்தகைய தருணங்களில் பெரும்பாலும் வரும் பதில்தான்: “விளையாட்டாகச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்களே?”

இவ்விடத்தில்தான் பல உரையாடல்கள் முறிகின்றன. காயப்பட்டவர் இதைத் தட்டிக்கழிப்பாகக் கேட்கிறார். ஆனால் அதில் ஓர் உண்மையும் உண்டு: அவரிடம் இருந்த ஒரே சான்று அந்தச் சிரிப்புதான். மாணவி அதை மறுக்கவில்லை. “ஆம், சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் முகத்தை இறுக்கிக்கொள்ளத் துணிவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தெரிய வழியில்லை என்று நினைத்துச் சொல்ல வந்தேன். நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் கருதவில்லை. உங்களுக்கு அது எப்படித் தோன்றியது?”

மூத்தவர் சற்று நேரம் பேசாதிருந்தார். தாம் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட கிண்டல்கள் வழியாகத்தான் குழுவில் ஒருவரானதாகச் சொன்னார். புதியவரை இறுக்கம் தளரச் செய்வதாக எண்ணியதாகவும் சொன்னார். பிறகு, “அப்படியானால் உச்சரிப்பைத் திருத்தவே கூடாதா?” என்றார். “தனியாகத் திருத்துங்கள், கற்றுக்கொள்கிறேன். பெயராக்க வேண்டாம்” என்றார் மாணவி. தெளிவான, செய்யக்கூடிய கோரிக்கை அது.

அழகான மன்னிப்பு எதுவும் அன்று வரவில்லை. இரண்டு நாள் அவர் கூச்சத்தோடு விலகியே இருந்தார். புரிதல் நிகழ்ந்ததற்கான அடையாளம் அதன்பின்தான் தெரிந்தது. தேநீரின்போது வேறொருவர் பட்டப்பெயரைச் சொல்லி அழைக்க, மூத்தவர் மாணவியின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தார். பட்டப்பெயர் அந்த வாரத்தோடு வழக்கொழிந்தது.

இதே சொற்களை ஓராண்டு கழித்துச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? சிரித்த முகங்களும் சிரித்த நாட்களும் பெருகி, ஒவ்வொன்றும் ஒப்புதலாகப் பதிவாகியிருக்கும். கேட்பவர் ஒரு வாக்கியத்துக்கு அல்ல, ஓராண்டுக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவாரக் காயம் மற்றவருக்குத் தெரியாத ஒரு தகவலாக இருக்கிறது. ஓராண்டுக் காயம் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. தகவலைக் கேட்டு மாறுவது மனிதருக்கு எளிது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. சாதியையோ உடலையோ குறிவைக்கும் இழிசொல்லைக் கேட்டவருக்கு, சொன்னவரைப் புரிந்துகொள்ள அழைக்கும் கடமை கிடையாது. பாலியல் கேலிக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. ஆய்வேட்டில் கையொப்பமிடும் நெறியாளரிடம் தனித்துப் பேசுவது பாதுகாப்பற்றதாகவும் இருக்கலாம். நம்பிக்கைக்குரிய மற்றோர் ஆசிரியரை முதலில் அணுகுவது நலம். எடுத்துச் சொன்ன பிறகும் தொடரும் கேலி அறியாமையால் நிகழ்வதன்று. அப்போது தேதியோடு எழுதி வைத்துக்கொள்வதே அடுத்த படி.

மூன்றாவது திங்கட்கிழமை மாணவி மீண்டும் அந்தச் சொல்லைக் கூட்டத்தில் சொல்ல நேர்ந்தது. உச்சரிப்பு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மூத்தவர் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்து, எத்தில் அசிட்டேட் எவ்வளவு தேவைப்படும் என்று கேட்டார்.