பருவம் தொடங்கிய மணி

ஒரே நாளில் குட்டி பிரித்த இரண்டு தாய்ப்பன்றிகள். இரண்டுக்கும் ஒரே கிடா. ஒன்று 11 குட்டி போட்டது, இன்னொன்று 5. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் வழியில் யார்க்‌ஷயர் பன்றி வளர்க்கிறேன். குட்டி எண்ணிக்கை குறைந்தால் கிடாவைக் குறை சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நானும் கிடாவை விற்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கிடாவில் கோளாறு இருந்தால் 11 குட்டி எப்படி வந்தது என்ற கேள்வி விடவில்லை. பழைய நோட்டை எடுத்து இரண்டு பன்றிகளின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை குட்டிகளைப் பிரித்திருந்தேன். பெரிய பன்றி நான்காம் நாள், திங்கள் காலையில் பருவத்துக்கு வந்தது. செவ்வாய் காலையும் மாலையும் கிடாவோடு சேர்த்தேன். புதன் மாலை வரை அசையாமல் நின்றது. சின்னது முதல் ஈற்றுக்காரி. ஏழாம் நாள், அடுத்த வியாழன் காலையில்தான் நின்றது. அதையும் அதே கணக்கில் மறுநாள் வெள்ளி காலையில் சேர்த்தேன். மாலையில் மறுபடி கொண்டுபோனபோது கிடாவை அண்ட விடாமல் உதறிக்கொண்டு ஓடியது. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்கியமான துப்பு நோட்டின் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

பருவம் எல்லாப் பன்றிக்கும் ஒரே நீளம் இல்லை. குட்டி பிரித்த மூன்று, நான்கு நாளில் வருகிற பன்றிக்குப் பருவம் நீளமாக இருக்கும். 60 மணி நேரம் கூட நிற்கும். தாமதித்து ஆறு, ஏழு நாளில் வருவதற்குப் பெரும்பாலும் ஒன்றரை நாள்தான். முதன்முறை பருவத்துக்கு வரும் கிடேரிக்கும் அப்படியே, குறுகியது. கருமுட்டைகள் வெளியாவது பருவத்தின் தொடக்கத்தில் அல்ல, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு. பெரிய பன்றிக்கு அது திங்கள் காலையிலிருந்து 40 மணி நேரம் தள்ளி, அதாவது செவ்வாய் நள்ளிரவு வாக்கில். அதற்குள் விந்து உள்ளே போய்த் தயாராகக் காத்திருந்தது. சின்னதுக்கோ வியாழன் இரவோ வெள்ளி விடியலிலோ முட்டைகள் வந்துவிட்டன. விந்து ஒரு நாள் வரை தாக்குப்பிடிக்கும். முட்டையின் நல்ல காலம் சில மணி நேரம்தான். அதோடு, உள்ளே போன விந்து கருத்தரிக்கப் பக்குவப்படவும் நேரம் வேண்டும். நான் சேர்த்தபோது பாதி முட்டைகள் கடந்துபோயிருக்க வேண்டும்.

இப்போது தாமதமாக வரும் பன்றியையும் கிடேரியையும் காத்திருக்க வைப்பதில்லை. காலையில் நின்றால் அன்று மாலையே சேர்ப்பேன், மறுநாள் காலை இன்னொரு முறை. ஏழாம் நாளுக்கும் தள்ளி வந்தால் நிற்பதைப் பார்த்த உடனேயே. சீக்கிரம் வந்த பெரிய பன்றிக்கு மட்டும் ஒரு நாள் பொறுத்து, பிறகு 12 மணி நேர இடைவெளியில் மறுபடி.

இந்தக் கணக்கு எல்லாம் நின்ற நேரம் சரியாகத் தெரிந்தால்தான் பலிக்கும். நாளுக்கு ஒரு முறை மட்டும் பார்க்கிறவருக்கு, இன்று காலை நின்ற பன்றி நேற்று மதியமே தொடங்கியிருக்கலாம் என்பது தெரியாது. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பார்க்கிறேன். தீவனம் வைத்த உடனே பார்ப்பதில்லை, தின்னும் கவனத்தில் அது எதற்கும் அசையாமல்தான் நிற்கும். பிறப்புறுப்பு சிவந்து வீங்குவதை வைத்து நாள் குறிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பருவத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடும். வயதான பன்றியில் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. நம்பத்தக்கது அசையாமல் நிற்பது ஒன்றுதான்.

அதற்கும் கிடா வேண்டும். கிடாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பன்றியின் மூக்குக்கு நேராக நிறுத்துவோம். கிடா வாயில் நுரை தள்ளும், அந்த எச்சிலின் வாடைதான் வேலை செய்கிறது. பின்னாலிருந்து விலாவைத் தேய்த்து, மடியை நீவி, முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும். பருவத்தில் இருந்தால் காதுகளை விறைத்துக்கொண்டு, நான்கு காலும் ஊன்றி, ஆள் மேலே உட்கார்ந்தாலும் நகராது. கிடா இல்லாமல் அழுத்தினால் பருவத்தில் இருப்பவற்றிலும் பல நிற்காமல் ஏமாற்றிவிடும். கிடாவை நாள் முழுக்கப் பக்கத்து அறையில் கட்டிப்போடுவதும் தவறு. பத்து, பதினைந்து நிமிடம் விறைத்து நின்ற பன்றி களைத்துவிடும். அதற்குப் பின் வெகுநேரம் எத்தனை அழுத்தினாலும் நிற்காது. எங்கள் கிடாவின் இடம் கொட்டகையின் மறுகோடியில்.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் பார்க்கிறேன். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்றாலும் பிறப்புறுப்பு வீங்கும். பருவமே வராத சின்னக் குட்டிகளுக்கும் வீங்கியிருந்தால் சந்தேகம் வேண்டாம், கோளாறு மூட்டையில்தான்.

அந்தச் சின்னப் பன்றி ஏன் தாமதித்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஈற்றிலேயே நிறையக் குட்டிகளுக்குப் பால் கொடுத்து முதுகெலும்பு தெரிய இளைத்திருந்தது. அப்படி இளைத்த உடம்பு பருவத்துக்கு வர நாளாகும், முட்டைகளும் குறையும். இரண்டாம் ஈற்றில் குட்டி குறைவது பல பண்ணைகளில் நடப்பதே இதனால்தான். எனவே அந்த 5 குட்டிக்கு என் நேரக்கணக்கு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பால் கொடுக்கும் காலத்தில் அதற்கு இன்னும் தாராளமாகத் தீவனம் போயிருக்க வேண்டும். இப்போது முதல் ஈற்றுக்காரிக்கு ஒரு நாளில் மூன்று வேளை வைக்கிறோம், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு வேளை கூடுதலாகத் தின்னும்.

நோட்டைப் படிக்கப் பழகிய பிறகு வேறொன்று தெரிந்தது. ஒரு பன்றிக்கு மட்டும் குட்டி குறைந்தால் நேரத்தையும் அந்தப் பன்றியின் உடம்பையும் பார்க்கலாம். அடுத்தடுத்துச் சேர்த்த எல்லாவற்றுக்கும் குறைந்தால்தான் கிடாவைப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் ஈன்ற பன்றிகள் எல்லாமே அப்படி இருந்தன. பன்றியின் சினைக்காலம் 114 நாள். பின்னோக்கி எண்ணினால் அவை சேர்ந்தது ஜூன் மாதம். அப்போதைய விந்து உருவானது மே மாத அக்னி நட்சத்திர வெயிலில். உடம்பு சூடேறிய கிடாவின் விந்து சூடு தணிந்த பிறகும் ஐந்து, ஆறு வாரம் வரை கெட்டிருக்கும். வெளியே பார்த்தால் அது உற்சாகமாகத்தான் ஏறும். இதனால்தான் ஜூன் மாதத்தில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

சேர்த்த பன்றி திரும்பப் பருவத்துக்கு வந்தால் அந்த நாளும் ஒரு சேதி. 18 முதல் 24 நாளுக்குள் வந்தால் கரு தங்கவே இல்லை. 25 நாளுக்கும் மேலே தள்ளி வந்தால் பெரும்பாலும் தங்கிய கரு கலைந்திருக்கிறது. பன்றிக்குச் சினை நிலைக்க ஏறக்குறைய நான்கு கருவாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் உடம்பே கைவிட்டுவிடும். எங்கள் 5 குட்டி ஈற்று, மயிரிழையில் தப்பிய சினை. குட்டிகளோடு வெவ்வேறு நீளத்தில் கறுத்துச் சுருங்கிய குட்டிகள் விழுந்தால் இந்த மணிக்கணக்கு எதுவும் பொருந்தாது. அது பார்வோ வைரஸாக இருக்கலாம். அவற்றைப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த ஆண்டு கிடாவின் அறைக்கு மேல் தென்னங்கீற்று போட்டு, மதியம் இரண்டு முறை நீர் தெளிக்கிறோம். மே மாதத்தில் சேர்க்கும் பன்றிகளையும் முதல் மாதம் நிழலிலேயே வைத்து, இடம் மாற்றாமல், வேறு பன்றிகளோடு கலக்காமல் விடுகிறோம். வெயில் கருவையும் கரைக்கும். இதையெல்லாம் செய்தும் புரட்டாசி ஈற்று மார்கழி ஈற்றுக்கு ஈடாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இளைத்த பன்றிகளை ஜூனில் சேர்க்காமல் ஒரு பருவம் விட்டு, 21 நாள் கழித்து அடுத்ததில் சேர்க்கலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரத் தீவனச் செலவு ஒரு பக்கம், கூடுதலாக வரும் குட்டிகள் மறுபக்கம். இரண்டு பன்றிகளை மட்டும் அப்படி விட்டு நோட்டில் குறித்திருக்கிறேன்.