நாலும் நாலும்

அந்த அம்மா என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, என் மாடு ரெண்டு வேளை கறக்குது. உங்க கம்ப்யூட்டர் ஒரு வேளைதான் கறக்கும் போல."

திண்டிவனத்தில் எங்கள் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு கையில் பால் அட்டை, இன்னொரு கையில் நான் அச்சடித்து அனுப்பிய போனஸ் சீட்டு. நான் அப்போது ஒரு தனியார் பால் நிறுவனத்தின் விழுப்புரம் அலுவலகத்தில் கணினிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஊற்றிய பாலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் தீபாவளி போனஸ். விழுப்புரத்துக்கு ஒரு டேபிள், திண்டிவனத்துக்கு ஒரு டேபிள். இரண்டையும் சேர்த்து ஆள்வாரியாகக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அட்டைப்படி அவர் ஊற்றியது 1,398 லிட்டர். என் சீட்டில் 1,154. குறைவது 244 லிட்டர், பணமாக 488 ரூபாய். அட்டையில் எழுதும்போது தப்பாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. ஒரு தேதியில் விரலை வைத்தார். "காலையில நாலு, சாயந்தரம் நாலு. பாத்துக்கோ. கேன் நாலு லிட்டர் கேன். மிச்சம் தெருவுல ரெண்டு வீட்டுக்குப் போயிடும்."

விழுப்புரத்துக்குத் திரும்பும் பேருந்தில் விக்கிரவாண்டி தாண்டும் வரை அந்த 244 மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாலால் வகுத்தால் சரியாக 61. மீதி இல்லை. அட்டையில் ஏனோதானோவென்று எழுதியிருந்தால் பிழை இப்படி அழகாக வகுபடாது.

அலுவலகத்தில் என் குவெரியைத் திறந்தேன். நடுப்பகுதி இது:

```sql
SELECT member_no, pour_date, litres FROM vpm_pour
UNION
SELECT member_no, pour_date, litres FROM tdm_pour
```

இதன் மேல்தான் கூட்டல் நடந்தது. UNION இரட்டை வரிசைகளை நீக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தேதான் போட்டேன். விழுப்புரத்து எண்கள் எல்லாம் V-யில் தொடங்கும், திண்டிவனத்து எண்கள் T-யில். இரண்டு டேபிளுக்கும் பொதுவாக ஒரு வரிசைகூட இருக்க வழியில்லை. அப்புறம் UNION எதை நீக்கப்போகிறது? அதுதான் என் கணக்கு.

ஓட்டை அங்கேதான் இருந்தது. இந்த டேபிளில் இருப்பது அந்த டேபிளிலும் இருக்கிறதா என்று மட்டும் UNION பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டி, குவியல் முழுவதிலும் ஒன்றுபோல் இருக்கும் வரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். இரட்டை இரண்டும் ஒரே டேபிளில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதுவும் ஒப்பிடுவது நாம் SELECT-இல் கேட்ட காலங்களை மட்டும்தான். டேபிளில் காலை, மாலை என்று வேளைக்கு ஒரு காலம் இருந்தது, ரசீது எண்ணுக்கும் ஒன்று இருந்தது. போனஸுக்கு எதற்கு என்று இரண்டையும் விட்டுவிட்டேன். அவை போனதும் அந்த அம்மாவின் காலைப் பாலும் மாலைப் பாலும் எழுத்துப் பிசகாமல் ஒரே வரிசை ஆகிவிட்டன: `T217, 2-ஆம் தேதி, 4.0`. இரண்டில் ஒன்று போய்விட்டது. அரை வருஷத்தில் 61 நாள் அவர் நாலும் நாலுமாக ஊற்றியிருக்கிறார். 61 நாலு போய்விட்டது.

உறுதி செய்ய இதை ஓட்டினேன்:

```sql
SELECT member_no, pour_date, litres, COUNT(*)
FROM tdm_pour
GROUP BY member_no, pour_date, litres
HAVING COUNT(*) > 1;
```

ஒரே டேபிள், UNION-ஏ இல்லை. திரை நிறைய ஆட்கள் வந்தார்கள். பட்டியலில் பெரும்பாலும் சின்ன ஆட்கள்: ஒரு மாடு, இரண்டு மாடு, மூன்று லிட்டர், நாலு லிட்டர் கேன். காலையில் 23.4, மாலையில் 19.7 என்று ஊற்றுகிற பெரிய தொழுவத்துக்காரர்கள் அதில் அரிதாகவே வந்தார்கள். பெரிய அளவுகள் இரண்டு வேளையும் ஒன்றாக அமைவது அபூர்வம். கேனை வைத்து அளந்து ஊற்றுபவருக்குத்தான் அது அடிக்கடி அமையும். ஒழுங்காக ஒரே அளவு கொண்டுவந்தவரின் பாலைத்தான் என் குவெரி குடித்திருக்கிறது.

இதெல்லாம் யார் வைத்த விதி என்று பின்னால் தேடிப் படித்தேன். 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட், டேபிள்களைக் கணிதத்தின் கணங்களாகப் பார்க்கும் கட்டுரையை வெளியிட்டார். கணத்தில் ஒரு உறுப்பு ஒருமுறைதான். அதன் வழி வந்த எஸ்.கியூ.எல். பாதி தூரம்தான் அந்த விதியைக் கேட்கிறது. வெறும் SELECT இரட்டைகளை அப்படியே தரும், நீக்க DISTINCT போட வேண்டும். UNION தலைகீழ்: சும்மா விட்டால் நீக்கும், வைத்துக்கொள்ள ALL போட வேண்டும். ஊற்றியவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டுமென்றால் UNION சரி, அங்கே ஒரு பெயர் ஒருமுறை வந்தால் போதும். பாலைக் கூட்டும்போது ஒவ்வொரு வரிசையும் தனியாக நடந்த ஒரு சம்பவம்.

சரி, வேளையையும் SELECT-இல் சேர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றியது. சேர்த்தேன், அந்த அம்மாவின் கணக்கு 1,398 ஆகிவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு காலத்தைச் சேர்த்ததால் மொத்தம் மாறுகிறது என்றால் அந்த மொத்தத்தை எப்படி நம்புவது? ஒரே வேளையில் இரண்டு கேன் கொண்டுவந்து இரண்டு ரசீது வாங்கியவர்கள் இருந்தார்கள். இரண்டு கேனிலும் ஐந்து லிட்டர் என்றால் மறுபடியும் ஒன்று காணாமல் போகும். UNION-க்குப் பக்கத்தில் ALL என்று எழுதுவதுதான் சரியான திருத்தம்.

எழுதினேன். இரண்டு டேபிளையும் தனித்தனியாகக் கூட்டி, சேர்த்த அறிக்கையின் மொத்தத்தோடு ஒப்பிட்டேன். முதல் நாளே இதைச் செய்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். வரிசை எண்ணிக்கையும் ஒத்துவந்தது, லிட்டரும் ஒத்துவந்தது. ஆனால் ஜூலையில் ஒரு நாள் மட்டும் திண்டிவனத்துப் பால், டேங்கர் ஏற்றிய பதிவேட்டைவிட இரண்டு மடங்காக நின்றது. நெட் அறுந்து வந்த அன்று ஒரே ஃபைலை இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள். அந்த இரட்டையையும் UNION அதுவரை சத்தமில்லாமல் மறைத்து வந்திருந்தது.

போலி இரட்டையையும் நிஜ இரட்டையையும் பிரிக்கத் தெரிந்தது ரசீது எண் ஒன்றுக்குத்தான். ஒரே ரசீது இரண்டு முறை வந்தால் அது பிழை. வேறு வேறு ரசீதில் அதே நாலு லிட்டர் வந்தால் அது பால். இரண்டாவது முறை ஏறியதை அழித்துவிட்டு, அதே ரசீது எண் மறுபடி ஏறாதபடி டேபிளிலேயே தடை போட்டேன். சுத்தம் செய்யும் வேலை நடக்க வேண்டிய இடம் அது, அறிக்கை இல்லை.

விடுபட்ட தொகையைக் கணக்குப் பிரிவு அடுத்த பட்டுவாடாவோடு சேர்த்துக் கொடுத்தது. அன்று நானும் திண்டிவனம் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு ஆறு மாதப் பட்டியலை வரிசை வரிசையாக அச்சடித்து எடுத்துப் போனேன். மொத்தத்தை அவர் பார்க்கவில்லை. அட்டையைப் பக்கத்தில் வைத்து, அன்றைக்கு விரல் வைத்த அதே தேதியைத் தேடினார்.

"ரெண்டு நாலு இருக்கு," என்றார். அப்புறம்தான் பணத்தை எண்ணினார்.