"எல்லாம் நல்ல நிலையில்" என்று கையெழுத்துப் போடாதீர்கள்



நேற்று ராத்திரி பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். வேலை மாற்றலாகி சென்னைக்குப் போகிறான். "சார், ஃபர்னிஷ்டு வீடாவே கிடைச்சிருச்சு. கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் இருக்கு. பெட்டியை மட்டும் தூக்கிட்டுப் போனா போதும்" என்றான். "என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எழுதிக்கிட்டியாப்பா?" என்று கேட்டேன். "அக்ரிமெண்ட்ல போட்டிருக்காங்க சார், எல்லாம் நல்ல நிலையில் இருக்குன்னு" என்றான். அந்த ஒரு வரிக்கு நான் 23,500 ரூபாய் கொடுத்தவன். அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் சாமான்களோடு ஒரு ஃபிளாட் எடுத்தோம். அட்வான்ஸ் 90,000. அக்ரிமெண்டில் "வீட்டிலுள்ள தளவாடங்கள், மின்சாதனங்கள் அனைத்தும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன" என்று ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மாதம் கழித்துக் காலி செய்தபோது சோபா துணி கிழிந்ததற்கு 15,000, மெத்தைக் கறைக்கு 5,000, ஃபிரிட்ஜின் காய்கறி டிரே உடைந்ததற்கு 2,000, ஏசி ரிமோட் ஒன்று குறைவதற்கு 1,500 என்று பிடித்துக்கொண்டார்கள். டிரே நாங்கள் போனபோதே விரிசல் விட்டிருந்தது. மெத்தையை விரிப்பை எடுத்து நாங்கள் பார்க்கவே இல்லை. ரிமோட் எத்தனை இருந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. "நல்ல நிலையில் இருந்துச்சுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்துக்கு இருப்புப் பதிவேடு எழுதியவன் நான். ஒரு பியூரெட் உடைந்தாலும் உடைந்த பொருள் பதிவேட்டில் ஏறும். சார்ஜ் ஒப்படைக்கும்போது எண்ணிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். போட்டால் குறைவதெல்லாம் நம் தலையில்தான் விழும். அந்தப் புத்தியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

2023-ல் மறுபடி அதே ஊரில் வேறொரு ஃபிளாட். வீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். டோக்கனாக 5,000 மட்டும் கொடுத்துவிட்டு, "மீதி அட்வான்ஸ், அக்ரிமெண்ட் எல்லாம் சாமான் லிஸ்ட் எழுதின பிறகு வச்சுக்கலாங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க சார், எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றார். "உங்க பேங்க்ல லாக்கர் சாவி கொடுக்கிறப்ப கையெழுத்து வாங்குவீங்கல்லங்க, அது நம்பிக்கை இல்லாமலா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். ராத்திரி நேரத்தில் பார்க்கக் கூடாது. டியூப் லைட்டில் கறையும் கீறலும் தெரியாது.

முதல் நாள் சாயங்காலமே ஃபிரிட்ஜைப் போட்டு, ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கச் சொல்லியிருந்தேன். காலையில் ஐஸ் ஆகியிருந்தது. உள்ளே விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு ஃபிரிட்ஜ் வேலை செய்கிறது என்று எழுதிவிட முடியாது.

நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்: பொருள், எண்ணிக்கை, அடையாளம், இன்றைய நிலை, போட்டோ எண். அடையாளம் என்பது மின்சாதனங்களுக்கு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும். ஃபிரிட்ஜுக்கு உள்பக்கச் சுவரில் ஸ்டிக்கர் இருக்கும். வாஷிங் மெஷினுக்குப் பெரும்பாலும் பின்பக்கம். ஏசிக்கு உள்ளே இருப்பதற்கு ஒன்று, வெளியே இருப்பதற்கு ஒன்று, இரண்டையும் எழுத வேண்டும். தயாரித்த வருஷம் இருந்தால் அதையும் எழுதினோம். கீசர் 2016. இந்த வருஷம் ஏன் முக்கியம் என்றால், ஏழெட்டு வருஷம் ஓடிய கீசரில் தொட்டி ஒழுகினால் அது வயசுக் கோளாறு. நாம் உடைத்தது இல்லை.

நிலை என்ற கட்டத்தில் "நல்லது", "சுமார்" என்று எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். "மெத்தை: தலைமாட்டில் உள்ளங்கை அளவு பழுப்புக் கறை." "சோபா: வலது கைப்பிடியில் நூல் பிரிந்திருக்கிறது, இரண்டு அங்குலம்." "டைனிங் டேபிள் கண்ணாடி: ஒரு முனையில் சில்லு பெயர்ந்திருக்கிறது." ஒவ்வொன்றுக்கும் தூரத்தில் இருந்து ஒரு போட்டோ, கிட்டத்தில் இருந்து ஒரு போட்டோ. கிட்டத்தில் எடுத்தது மட்டும் இருந்தால் அது எந்தப் பொருளின் கீறல் என்று பிறகு யாருக்கும் விளங்காது.

ஓடுகிற சாமான்களை ஓட விட்டுப் பார்த்தோம். ஏசியை இருபது நிமிஷம் போட்டோம், உள்ளே தண்ணீர் சொட்டவில்லை. வாஷிங் மெஷினில் துணி இல்லாமல் அலசிப் பிழிகிற பகுதியை மட்டும் ஓட்டினோம். தண்ணீர் வெளியேறும்போது பின்னால் தரை நனைந்தது. குழாயில் விரிசல். வீட்டுக்காரருக்கே அது தெரியாது. முந்தைய குடித்தனக்காரர் சொல்லவில்லை. "நல்லவேளை சார், கீழ் வீட்டுச் சீலிங்ல இறங்கியிருக்கும்" என்றார். மறுநாளே குழாயை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு லிஸ்ட் எழுதுவதில் என்னைவிட அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ரிமோட், சாவி எல்லாவற்றையும் அவரே எண்ணிச் சொன்னார்.

பரணில் அவர் அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள் இருந்தன. "அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றார் அந்த அம்மா. வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்னேன். சோபா போனால் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். அம்மா வைத்திருந்த குடம் தொலைந்தால் எதைக் கொடுத்துத் தீர்ப்பது? அப்படிப்பட்ட சாமான் வாடகை வீட்டில் இருக்கவே கூடாது.

லிஸ்டின் கடைசியில் மூன்று விஷயம் எழுதினோம். ஒன்று, வயதாகிப் பழுதானால் வீட்டுக்காரர் செலவு, நாங்கள் கையாண்டதில் பழுதானால் எங்கள் செலவு, வருஷா வருஷம் ஏசி சர்வீஸ் எங்கள் பொறுப்பு. இரண்டு, பெரிய சாமான்களுக்கு விலை. சோபாவை 2018-ல் 40,000-க்கு வாங்கியிருந்தார். ஆயுள் பத்து வருஷம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அப்படியானால் 2023-ல் அதன் மதிப்பு 20,000. 2025-ல் காலி செய்யும்போது முழுக்க வீணாகியிருந்தால் மீதி மூன்று வருஷத்துக்கான 12,000 தர வேண்டும், புது சோபா விலை கேட்கக் கூடாது. சேதம் ஆன பிறகு இந்தக் கணக்குப் போட உட்கார்ந்தால் சண்டைதான் வரும். ஒன்றும் ஆகாதபோது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மூன்றாவது, குடியேறி ஏழு நாளுக்குள் தெரியவரும் குறைகளை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் தெரியாது. கட்டில் மூட்டில் மூட்டைப்பூச்சி இருந்தால் படுத்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு மூன்றாம் நாள் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருபது நிமிஷத்தில் நின்றுவிட்டது. உடனே தேதி போட்டு அனுப்பினேன். பேட்டரி பழசு என்று அவரும் ஒத்துக்கொண்டு எழுதினார்.

மொத்தம் மூன்று பக்கம். இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட்டோம். அக்ரிமெண்டில் அந்தப் பழைய வரிக்குப் பதிலாக "இணைப்பில் கண்டுள்ள பொருட்கள், அதில் கண்டுள்ள நிலையில்" என்று எழுதச் சொன்னேன். அந்த வரி இல்லாவிட்டால் லிஸ்ட் தனிக் காகிதமாக நின்றுவிடும். போட்டோக்களை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினேன், இமெயிலிலும் அனுப்பினேன். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, கீறல் மங்கிவிடும். இமெயிலில் இருந்தால் போனை மாற்றினாலும் தேதியோடு கிடக்கும்.

இனி நான் சொல்லக் கொஞ்சம் வெட்கப்படுகிற பகுதி.

இந்த வருஷம் காலி செய்தோம். லிஸ்டை வைத்துக்கொண்டு இருவரும் அறை அறையாகப் போனோம். டைனிங் டேபிள் கண்ணாடியில் இரண்டு முனையில் சில்லு பெயர்ந்திருந்தது. "ரெண்டும் முன்னாடியே இருந்ததுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம். முந்தைய வீட்டில் ஏமாந்த சூடும் இருந்தது, குரல் கொஞ்சம் உயர்ந்தேவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் போட்டோ 14-ஐ எடுத்துக் காட்டினார். ஒரு முனையில்தான் சில்லு. மற்ற மூன்றும் சுத்தமாக இருந்தன. என் கையெழுத்து, என் போனில் எடுத்த படம்.

வீட்டுக்காரம்மா மெதுவாக என்னிடம், "போன தீபாவளிக்கு டேபிளை நகர்த்தினோமேங்க" என்றாள். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் கடையில் கேட்டதற்குப் புதுசு 4,200 என்றார்கள். முழுதையும் தருகிறேன் என்றேன். "ஏற்கெனவே ஒரு முனை போனதுதானே சார், பாதி போதும்" என்றார். 2,100 கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

லிஸ்ட் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் எழுதினேன். கடைசியில் அது அவரை என்னிடமிருந்து காப்பாற்றியது. அது இல்லாமல் போயிருந்தால், தவறாக ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனுஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன், ஊரெல்லாம் அவரைக் குறை சொல்லியும் இருப்பேன். 2021-ல் எனக்கு நடந்ததிலும் எது அவர்கள் தவறு, எது என் மறதி என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுதி வைக்காததால் அது இனி யாருக்கும் தெரியாது.

மாணவனிடம் இந்த ஞாயிறு பகலில் போய் எழுதச் சொல்லியிருக்கிறேன். கட்டம் போட்ட அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டேன். வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.