வியர்வையில் நழுவாத ஜாக்கெட்

அன்புத் தம்பி கார்த்திக்,

மே மாதத்தில் ஈசிஆர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு வண்டி ஓட்டப் போவதாகவும், அந்தப் புழுக்கத்தில் ஜாக்கெட் போட்டால் வெந்துவிட மாட்டேனா என்றும் எழுதியிருந்தாய். சிக்னலில் நிற்கும்போது வேகத்தான் செய்யும், மறைப்பானேன்? கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் வியர்வை சுலபத்தில் காயாது. காற்று வேகமாக மேலே பட்டால்தான் காயும். அதனால் ஜிப்பைத் திறந்தால் கொஞ்சம் காற்று வரும் ரகம் உனக்கு வேண்டாம். நெஞ்சு, கை, முதுகு எல்லாம் மெஷ்ஷாக இருப்பதை வாங்கு.

மெஷ் சாலையில் உரசினால் சீக்கிரம் கிழியும். ஆகவே தோளிலும் முழங்கையிலும் மட்டும் கெட்டித் துணி இருக்கிறதா என்று பார். உள் லேபிளில் ஈஎன் 17092 என்று இருக்கிறதா என்றும் பார். பக்கத்தில் ஏ என்றால் அடிப்படை, ஏஏ என்றால் அதைவிட உறுதி. ஜாக்கெட்டின் முதுகுப்பக்க உள்பையில் கைவிட்டுப் பார்க்க மறக்காதே. பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு முதுகுக்கான லெவல் 2 ஆர்மரைத் தனியாக வாங்கிப் போடு.

காற்றுக்காக ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதே. கடையில் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடி. முழங்கை ஆர்மரைப் பிடித்துத் திருகு. பக்கவாட்டில் போய்விட்டால் விழும்போதும் அப்படித்தான் போகும். உள்ளே பருத்தி பனியன் நனைந்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டர் முழுக்கை சட்டை மேல்.

க்ளவுஸில் உள்ளங்கையின் அடிப்பக்கம் வழவழப்பான கெட்டித் துண்டு வேண்டும். விழும்போது நாம் கையைத்தான் ஊன்றுவோம். அங்கே க்ளவுஸின் தோல் தாரில் பிடித்துக்கொண்டால் மணிக்கட்டு முறியக்கூடும். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிவிட்டு விரல்நுனியைப் பிடித்து இழு, கழன்றால் திருப்பிக் கொடுத்துவிடு.

எனக்கு அதிகம் தொல்லை கொடுப்பது நீ கார்டுதான். வியர்த்ததும் இறங்கிவிடும். அளவு சரியா என்பதை நின்றுகொண்டு பார்க்காதே. உட்கார்ந்து, கால் மடங்கியிருக்கும்போது முட்டிச்சில்லு கவசத்தின் நடுவில் இருக்க வேண்டும். கீழ்ப்பட்டை முட்டிக்குக் கீழே, கெண்டைச்சதை பருக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே வரட்டும், அந்தச் சதையே அதைத் தாங்கும். வெறுந்தோலில் கட்டினால் உரசிச் சிவந்துவிடும். மெல்லிய டைட்ஸ் போட்டு அதன்மேல் கட்டு, பேண்ட் அதற்குமேல்.

ஷூ கணுக்காலை மூடட்டும். அடிப்பாகத்தைத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார், முறுக்க முடிந்தால் வேண்டாம். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடு, கியர் லீவரில் சிக்கும்.

மகாபலிபுரத்தில் இறங்கி ஜாக்கெட்டைக் கழற்றி, வயிறு நிறையத் தண்ணீர் குடி. சிக்னலில் ஜிப்பைத் திறந்தால் கிளம்புமுன் மூடிக்கொள்.

என்றைக்குக் கடைக்குப் போகிறாய் என்று எழுது. ஞாயிறு என்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்